அரிக்கேன் விளக்கின் பிரேக்டவுன்: ஒரு பிக்சல் எத்தனை மில்லிமீட்டர்?

"ஜூனியர் ப்ராப் ஆர்ட்டிஸ்ட் வேலைக்குப் போர்ட்ஃபோலியோ தயார் செய்கிறேன். கேமில் போடுகிற மாதிரி ஓர் அரிக்கேன் விளக்கு செய்து முடித்திருக்கிறேன். பிளாக்-அவுட்டிலிருந்து டெக்ஸ்சர் வரைக்கும் எப்படி வந்தது என்று பிரேக்டவுன் குறிப்பு எழுத வேண்டும். படங்கள் எல்லாம் இருக்கின்றன. கூட என்ன எழுதுவது என்றுதான் பிடிபடவில்லை."

ஓர் எண்ணிலிருந்து தொடங்குங்கள்: உங்கள் விளக்கின் மேல் டெக்ஸ்சரின் ஒரு பிக்சல் எத்தனை மில்லிமீட்டர் இடத்தைப் பிடிக்கிறது? அந்த எண் கையில் இருந்தால் பெவல் ஏன் அவ்வளவு அகலம், தொட்டிக்கு ஏன் அத்தனை பக்கம், கம்பி ஏன் நிஜத்தைவிடத் தடிமன் என்று எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல முடியும். குறிப்பைப் படிக்கிறவர் தேடுவது அந்தக் காரணங்களைத்தான். "ஹை-பாலி செய்தேன், லோ-பாலி செய்தேன், பேக் செய்தேன்" என்பது படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதை மறுபடி எழுத்தில் சொல்ல வேண்டியதில்லை.

பேச வசதியாக அளவுகளை நிர்ணயித்துக்கொள்வோம். விளக்கின் உயரம் கைப்பிடி நீங்கலாக 30 செ.மீ. அடித் தொட்டியின் விட்டம் 14 செ.மீ. பக்கக் குழாய்கள் 1.8 செ.மீ. மேல் தொப்பி 7 செ.மீ. உங்கள் விளக்கு வேறு அளவில் இருந்தால் எண்கள் மாறும், கணக்கு மாறாது.

பிளாக்-அவுட்டில் இரண்டே விஷயம் சொன்னால் போதும். ஒன்று, அளவு. உருளைகளையும் வளையங்களையும் வைத்துக் கட்டிய முதல் வடிவத்தை 180 செ.மீ. உயர மனித உருவத்தின் பக்கத்தில் வைத்து எடுத்த படம் ஒன்று வேண்டும். விளக்கைக் கையில் தொங்கவிட்டால் முழங்காலுக்குக் கீழே போகிறதா, கைப்பிடிக்குள் நான்கு விரல் நுழைகிறதா என்பதெல்லாம் அந்த ஒரு படத்தில் தெரிந்துவிடும். பிளெண்டரில் பொருளைச் சுருக்கிப் பெரிதாக்கிய பிறகு `Ctrl+A` அழுத்தி ஸ்கேலை நிலைப்படுத்தாமல் விட்டால், பின்னால் பெவல் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் வரும். அன்ரியலில் ஒரு யூனிட் என்பது ஒரு சென்டிமீட்டர். அங்கே கொண்டுபோய் வைத்து 30 என்று காட்டுகிறதா என்று இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். டெக்ஸ்சர் எல்லாம் முடிந்த பிறகு விளக்கு குடம் அளவுக்கு நிற்பதைக் கண்டுபிடித்தால், திரும்பிப் போக வேண்டிய தூரம் அதிகம்.

இரண்டாவது, அந்தப் பொருள் வேலை செய்யும் விதம். அரிக்கேன் விளக்கின் இரண்டு பக்கக் குழாய்களைச் சட்டம் என்று நினைத்து மாடல் செய்கிறவர்கள் நிறையப் பேர். அவை காற்று போகிற வழி. மேலே தொப்பியை ஒட்டிய அறையிலிருந்து காற்றை இறக்கி, கீழே திரி எரிகிற இடத்துக்குக் கொண்டு சேர்ப்பவை. அதனால் மேல்முனை தொப்பிக்கு அடியில் உள்ள அறைக்குள் நுழைய வேண்டும், கீழ்முனை தொட்டியின் மேல்தட்டில் இறங்க வேண்டும். குழாய் தொப்பியின் வெளிச்சுவரில் சும்மா ஒட்டிக்கொண்டு நின்றால், விளக்கைப் பழகியவர் கண்ணுக்கு அது உடனே பொம்மையாகிவிடும். கண்ணாடியைத் தூக்கும் நெம்புகோல், திரியை ஏற்றி இறக்கும் திருகு, மண்ணெண்ணெய் ஊற்றும் மூடி, இந்த மூன்றும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதையும் பிளாக்-அவுட்டிலேயே முடிவுசெய்யுங்கள். பின்னால் கறையும் தேய்மானமும் இந்த மூன்றைச் சுற்றித்தான் வரப்போகின்றன.

கைப்பிடியைத் தனி மெஷ்ஷாக வைத்து, அது மாட்டியிருக்கும் காதின் நடுவில் பிவட்டை வைத்திருந்தால் அதை ஒரு வரியில் சொல்லுங்கள். கைப்பிடி ஆட வேண்டும் என்று யோசித்திருக்கிறீர்கள் என்பது அந்த வரியில் தெரியும்.

இனி அந்த எண். கண்ணாடியை ஒதுக்கிவிட்டு மற்ற உலோகப் பாகங்களின் பரப்பைக் கூட்டுங்கள். பிளெண்டரில் `3D Print Toolbox` ஆட்-ஆனில் `Area` என்று ஒரு பொத்தான் உண்டு, அது கூட்டிச் சொல்லிவிடும். நம் விளக்குக்குச் சுமார் 1,200 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். யூவியில் தீவுகள் போக இடைவெளிக்குப் போவது 30 சதவீதம், பயனாவது 70 சதவீதம்.

```
1024 × 1024 × 0.70 = 7,34,003 பிக்சல்
7,34,003 ÷ 1,200   = 612 பிக்சல் / ச.செ.மீ.
√612               = 24.7 பிக்சல் / செ.மீ.
```

சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 25 பிக்சல். அதாவது ஒரு பிக்சல் 0.4 மி.மீ. 2048 எடுத்தால் 0.2, 4096 எடுத்தால் 0.1 மி.மீ.

இதில் எதை எடுப்பது? திரையைக் கேளுங்கள். 1080 பிக்சல் உயரத் திரை, கிடைமட்டப் பார்வைக் கோணம் 90 பாகை என்றால் செங்குத்துக் கோணம் சுமார் 59 பாகை. விளையாடுகிறவர் விளக்கிலிருந்து அரை மீட்டரில் நின்றால், அந்தத் தூரத்தில் திரையில் அடங்கும் உயரம் 56 செ.மீ. 1080-ஐ 56-ஆல் வகுத்தால் சென்டிமீட்டருக்கு 19 பிக்சல். மேசைமேல் உள்ள விளக்கை இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் ஐந்து பிக்சல்கூட இல்லை. ஆக, மூக்கை ஒட்டிப் பார்க்கும்போது திரை காட்டக்கூடியதே 19. நம்மிடம் 25 இருக்கிறது. 1024 போதும்.

ஜூனியர் போர்ட்ஃபோலியோக்களில் ஒரு விளக்குக்கு 4096 அளவில் மூன்று மேப் போட்டிருப்பது அடிக்கடி கண்ணில் படும். பிக்சலுக்கு ஒரு பைட் பிடிக்கும் பி.சி.7 சுருக்கத்தில் ஒரு 4096 மேப் 16 எம்.பி., மூன்றுக்கு 48. மிப்மேப்பையும் சேர்த்தால் 64. அதே விளக்கு 1024-இல் மூன்று மேப்புக்கும் சேர்த்து 4 எம்.பி. "2048-இல் பெயின்ட் செய்தேன், கேமுக்கு 1024-இல் எடுத்தேன், காரணம் இது" என்று மேலே உள்ள கணக்கை நான்கு வரியில் எழுதுங்கள். போர்ட்ஃபோலியோவில் நெருக்கமான படங்களுக்கு 2048-ஐப் பயன்படுத்தியிருந்தால் படத்தின் கீழேயே அதைக் குறிப்பிடுங்கள். என்ஜினில் எடுத்த படம் 1024-ஆகவே இருக்கட்டும்.

இப்போது ஹை-பாலி. தகரத்தை மடித்த விளிம்பு நிஜத்தில் 0.3 மி.மீ. வளைவுதான் இருக்கும். நம் ஒரு பிக்சலே 0.4 மி.மீ. நிஜ அளவிலேயே பெவல் கொடுத்தால் அது நார்மல் மேப்பில் ஒரு பிக்சலுக்குள் காணாமல் போய்விடும், விளிம்பு காகிதம் வெட்டினாற்போல் கூராகத் தெரியும், வெளிச்சம் அதில் தங்காது. குறைந்தது மூன்று பிக்சலாவது வேண்டும், அதாவது 1.2 மி.மீ. நிஜத்தைவிட நான்கு மடங்கு. இது ஏமாற்று வேலை இல்லை, அந்த விளிம்பு பார்வையில் பதிவதற்கான குறைந்தபட்ச அளவு. தொட்டியின் மேல்தட்டும் பக்கச் சுவரும் சேருமிடத்தில் இரண்டு தகரங்களைச் சேர்த்துச் சுருட்டி அழுத்திய தடிப்பு ஒன்று ஓடும். விளக்கின் அடையாளமே அந்தத் தடிப்புதான். அதன் மேலும் கீழும் 1.2 மி.மீ. பெவல் இருந்தால் தூரத்திலிருந்தும் ஒரு வெள்ளிக் கோடாக மின்னும்.

இதே காரணத்துக்காகக் கண்ணாடியைச் சுற்றியுள்ள காவல் கம்பியையும் தடிப்பாக்க வேண்டியிருக்கும். 2.5 மி.மீ. கம்பி இரண்டு மீட்டர் தூரத்தில் திரையில் ஒரு பிக்சலைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கேமரா நகர்ந்தால் அது துண்டு துண்டாக விட்டுவிட்டு மினுங்கும். 4 மி.மீ. ஆக்கினால் ஏறக்குறைய இரண்டு பிக்சல் கிடைக்கும், மினுக்கல் பெருமளவு அடங்கிவிடும். "கம்பி நிஜத்தில் 2.5, மாடலில் 4, இரண்டு மீட்டரில் மினுங்கியதால்" என்று எழுதினால், படிக்கிறவர் அதைப் பிழை என்று நினைக்கமாட்டார்.

லோ-பாலிதான் இந்தக் குறிப்பின் உயிர். இங்கே கொஞ்சம் நின்று எழுதுங்கள்.

வட்டமான பொருளுக்கு எத்தனை பக்கம் கொடுப்பது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்வதுதான் வழக்கம். அதற்குக் கணக்கும் உண்டு. லோ-பாலியின் தட்டையான பக்கம் ஒரு நாண், ஹை-பாலியின் வட்டம் ஒரு வில். இரண்டுக்கும் நடுவில் அதிகபட்ச இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள்:

```
இடைவெளி = r × (1 − cos(180° ÷ n))
r = ஆரம், n = பக்கங்கள்
```

தொட்டியின் ஆரம் 70 மி.மீ. 16 பக்கம் கொடுத்தால் இடைவெளி 1.3 மி.மீ., அதாவது மூன்று பிக்சலுக்கு மேல். 28 பக்கம் கொடுத்தால் 0.44 மி.மீ., ஏறக்குறைய ஒரு பிக்சல். இந்த இடைவெளிதான் பேக் செய்யும்போது நெளிவாக வெளிப்படுகிறது. தொட்டியின் விளிம்பில் ஓடும் அந்தச் சுருட்டுத் தடிப்பு 16 பக்க லோ-பாலியில் நேர்வளையமாக விழாது. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஏறி, மூலையில் இறங்கி, அலை அலையாகச் சுற்றிவரும். காரணம், பேக்கர் லோ-பாலியின் பரப்பிலிருந்து கதிர்களைச் சாய்வாக அனுப்பித்தான் ஹை-பாலியைத் தேடுகிறது. பக்கத்தின் நடுவில் ஹை-பாலி தள்ளி இருக்கிறது, மூலையில் ஒட்டி இருக்கிறது. விளிம்பருகே நார்மல்கள் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால், அந்தத் தூர வித்தியாசம் மேலே கீழே நகர்வாக மாறிவிடுகிறது. கேஜைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்ய முயல்கிறவர்கள் மணிக்கணக்காக அலைவார்கள். கேஜின் அளவு தவறினால் வருவது வேறு: கதிர் ஹை-பாலியைத் தொடாமல் ஓட்டை விழும், அல்லது பக்கத்துப் பாகம் ஏறி வந்து பதியும். நெளிவுக்கு மருந்து பக்கங்களைக் கூட்டுவதுதான். அதனுடன் தடிப்புக்கு மேலும் கீழும் ஒவ்வொரு எட்ஜ் லூப் வைத்தால் நார்மல்களின் சாய்வு அங்கேயே நின்றுவிடும்.

அதே கணக்கை மற்றப் பாகங்களுக்கும் போட்டுப் பாருங்கள். குழாய், ஆரம் 9 மி.மீ., 10 பக்கத்தில் 0.44. தொப்பி, ஆரம் 35, 20 பக்கத்தில் 0.43. கம்பி, ஆரம் 2, வெறும் 5 பக்கத்தில் 0.38. எல்லாம் ஒரு பிக்சலை ஒட்டியே நிற்கின்றன. 28, 20, 10, 5 என்று பக்கங்கள் வேறுவேறாக இருந்தாலும் பின்னால் இருப்பது ஒரே அளவுகோல். வயர்ஃப்ரேம் படத்தின் கீழே இந்த வரி இருந்தால், அந்தப் படம் வெறும் வலையாக இல்லாமல் ஒரு விளக்கமாகிவிடும். வெளிக்கோட்டை மட்டும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். நார்மல் மேப் உள்ளே எதையும் மறைத்துவிடும், ஓரத்தை மறைக்காது.

இப்படிச் செய்தால் விளக்கு மொத்தம் சுமார் 3,300 முக்கோணத்தில் முடியும். அதில் 1,100-க்குக் கிட்ட காவல் கம்பிக்கும் கைப்பிடிக்கும் போகிறது. மூன்றில் ஒரு பங்கு, வெறும் கம்பிக்கு. இதை மறைக்க வேண்டாம், எழுதிவிடுங்கள். எல்.ஓ.டி.-யில் முதலில் எங்கே கை வைப்பீர்கள் என்பதற்கு அதுதான் பதில். அடுத்த நிலையில் கம்பியை 5 பக்கத்திலிருந்து 3 ஆக்கினால் 400-க்கு மேல் மிச்சம், தொட்டியைத் தொடவே வேண்டாம்.

யூவியில் நீளமாகப் பேச ஒன்றும் இல்லை, ஓர் இடத்தைத் தவிர. இரண்டு குழாய்களும் ஒரே யூவி இடத்தைப் பகிரலாம். பலர் கண்ணாடிப் பிம்பமாக ஒரு பக்கத்தை மறுபக்கத்துக்குப் புரட்டுவார்கள். அப்படிச் செய்தால் இடக்குழாயில் உள்ள நசுங்கல் வலக்குழாயில் அதே உயரத்தில், அதே முகத்தில் தெரியும், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அதற்குப் பதில் குழாயை விளக்கின் நடு அச்சைச் சுற்றி 180 பாகை சுழற்றிப் படியெடுங்கள். முன்பக்க நசுங்கல் மறுகுழாயில் பின்பக்கம் போய்விடும். எங்கே நின்று பார்த்தாலும் இரண்டும் ஒன்றாகக் கண்ணில் படுவது அரிது. புரட்டல் இல்லாததால் டேன்ஜென்ட் திசையும் மாறாது. பேக் செய்யும் முன் படியெடுத்த குழாயின் யூவியைச் சரியாக ஒரு யூனிட் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு குழாய்களும் ஒரே இடத்தில் எழுதி, ஒன்றின் நிழல் மற்றதன் மேல் கறையாகப் படியும்.

தீவுகளுக்கு நடுவே 1024-இல் 8 பிக்சல் இடைவெளி விடுங்கள். மிப்மேப் ஒவ்வொரு படிக்கும் பாதியாகும். மூன்று படி இறங்கினால் 8 என்பது 1. அதற்கும் கீழே பக்கத்துத் தீவின் நிறம் கசியும். ஆனால் அப்போது விளக்கு திரையில் கட்டைவிரல் அளவு இருக்கும்.

பேக்கில் எழுதத் தகுந்தவை மூன்று.

ஷார்ப் விளிம்பு இருக்கும் இடத்தில் எல்லாம் யூவியும் வெட்டுப்பட்டிருக்க வேண்டும். தொட்டியின் அடித்தட்டும் சுவரும் 90 பாகையில் சேருமிடத்தை ஷார்ப் ஆக்கினால், அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் நார்மல் வேறுவேறு. யூவியில் அவை ஒட்டியிருந்தால், எல்லைப் பிக்சல் ஒன்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகி, அடியைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடும். மறுபுறம், எல்லாவற்றையும் ஸ்மூத்தாக விட்டால் அடித்தட்டில் பெரிய நிற ஏற்ற இறக்கம் நார்மல் மேப்பில் விழும். தட்டையாக இருக்க வேண்டிய தகரம் சுருக்கத்துக்குப் பிறகு லேசாக உப்பித் தெரியும். நார்மல் மேப்பைத் தனியாகத் திறந்து பாருங்கள். தட்டையான இடங்கள் ஒரே இளநீலமாக இருந்தால் சரி. அங்கே ஊதாவும் பச்சையும் வழிந்தால் திரும்பிப் போங்கள்.

அடுத்தது, பாகங்களைப் பெயரால் இணைப்பது. சப்ஸ்டன்ஸ் பெயின்டரில் `Match` என்பதை `By Mesh Name` ஆக்கி, `tank_low` – `tank_high`, `guard_low` – `guard_high` என்று பெயர் வைத்தால் கம்பியின் உருவம் தொப்பியில் பதியாது. ஆனால் ஆம்பியன்ட் ஆக்லூஷனுக்கு `Self Occlusion` என்று தனி அமைப்பு இருக்கிறது. அதை `Always` என்றே விட்டால் எல்லாப் பாகங்களும் ஒன்றன் மேல் ஒன்று நிழல் போடும். திரி இருக்கும் பர்னருக்கும் தொட்டிக்கும் நடுவே அந்த நிழல் வேண்டும். கைப்பிடிக்கு வேண்டாம். கைப்பிடி ஆடுகிற பாகம். அது படுத்திருந்த இடத்தில் தொப்பியின் மேல் நிழல் பதிந்துவிட்டால், கைப்பிடி நிமிர்ந்த பிறகும் அந்தக் கரிய கோடு அங்கேயே கிடக்கும். அதனால் பேக் செய்யும்போது கைப்பிடியை விளக்கைவிட்டு விலக்கி வையுங்கள். ஹை, லோ இரண்டையும் ஒரே அளவு நகர்த்த வேண்டும்.

மூன்றாவது, நார்மல் மேப்பின் பச்சைச் சேனல். அன்ரியலுக்கு டைரக்ட்-எக்ஸ் முறை, பிளெண்டருக்கும் யூனிட்டிக்கும் ஓப்பன்-ஜி.எல். முறை. மாறிப்போனால் மேலிருந்து வெளிச்சம் விழும்போது புடைத்த தடிப்பு பள்ளமாகத் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால் சரியாகத் தெரிவதுபோல் இருக்கும், அதனால்தான் பலருக்கு இது பிடிபடுவதில்லை. மூடியின் மேல் உள்ள எழுத்தோ புடைப்போ ஒன்றை வைத்து, மேலிருந்து ஒரே விளக்கடித்துச் சோதியுங்கள். லோ-பாலியை முக்கோணமாக்கிய பிறகே பேக்குக்கும் என்ஜினுக்கும் அனுப்புங்கள். இரண்டு மென்பொருளும் நாற்கோணத்தை வேறுவேறு மூலையில் வெட்டினால் தொப்பியில் குறுக்குக் கீறல் மாதிரி நிழல் வரும்.

டெக்ஸ்சரில் ஜூனியர் வேலை என்று முதல் பார்வையிலேயே காட்டிக்கொடுப்பது எல்லா விளிம்பிலும் சமமாகத் தேய்ந்த பெயின்ட். ஜெனரேட்டர் ஒன்றைப் போட்டால் அது வளைவு இருக்கிற இடமெல்லாம் சுரண்டிவிடும். அதற்கு விளிம்பு எது என்று தெரியும், கை எங்கே படும் என்று தெரியாது. நீங்கள் எழுத வேண்டியது ஒவ்வொரு கறைக்கும் காரணம்.

நீலப் பெயின்ட் அடித்த விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் போகிற இடங்கள்: கைப்பிடியின் நடுப்பகுதி, கண்ணாடியைத் தூக்கும் நெம்புகோலில் கட்டைவிரல் அழுத்தும் முனை, தரையில் வைத்து எடுக்கும்போது உரசும் தொட்டியின் அடி வளையம், கைப்பிடி ஆடும்போது தொப்பியில் இடிக்கும் இரண்டு புள்ளிகள். தொட்டியின் மேல்தட்டு விளிம்பு அவ்வளவு தேயாது, அங்கே எதுவும் உரசுவதில்லை. தொப்பியின் உச்சியில் பெயின்ட் போவது உரசலால் இல்லை, சூட்டால். அதனால் அங்கே கூரான சுரண்டல் இருக்கக் கூடாது. வெளுத்து, பழுப்பாகி, பொரிந்து, நடுவில் கருத்த தகரம் தெரிய வேண்டும். துரு வருவது தண்ணீர் தங்கும் இடத்தில்: அடித்தட்டின் உட்குழிவு, சுருட்டுத் தடிப்பின் கீழ்க்கரை, குழாய் தொட்டியில் இறங்கும் பற்றவைப்பைச் சுற்றி.

மண்ணெண்ணெய் மூடியை மட்டும் மிக நெருக்கத்தில் ஒரு படமாகக் காட்டுங்கள். ஊற்றும்போது சிந்திய எண்ணெய் மூடியின் அடியிலிருந்து தொட்டியின் சரிவைப் பிடித்து இறங்கும். காய்ந்தாலும் ஒரு பிசுக்கு நிற்கும். அதில் தூசி ஒட்டும், அடுத்த முறை சிந்தும்போது அந்தத் தூசி நனைந்து கறுக்கும். அடுக்குகளாகச் சொன்னால்: மூடியைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பேஸ் கலர் இருண்டது, அதற்குள் எண்ணெய் புதிதாக ஓடிய ஒல்லியான தடத்தில் ராஃப்னெஸ் 0.25 அளவுக்கு இறங்கியது. ஓரங்களில் தூசி ஒட்டிய இடத்தில் 0.8-க்கு ஏறியது. சுற்றியுள்ள பெயின்ட் 0.45. இந்த மூன்று ராஃப்னெஸ் நிலைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் எண்ணெய் எண்ணெயாகத் தெரிகிறது. கருநிறத்தை மட்டும் பூசினால் அது அழுக்கு, அவ்வளவுதான். ராஃப்னெஸ் மேப்பைத் தனியாகக் கறுப்பு-வெள்ளைப் படமாக இதன் பக்கத்தில் வையுங்கள். அந்தப் படத்திலேயே மூடி எது, எண்ணெய் எங்கே ஓடியது என்று அடையாளம் தெரிய வேண்டும். ஒரே சாம்பலாக இருந்தால் வேலை இன்னும் முடியவில்லை.

மெட்டாலிக் மேப்பில் அடிக்கடி நேரும் பிழை, முழு விளக்குக்கும் 1 கொடுத்துவிடுவது. "உலோக விளக்குதானே" என்று தோன்றும். ஆனால் பெயின்ட் உலோகம் இல்லை, துரு உலோகம் இல்லை, கரிப்புகை உலோகம் இல்லை. அவை எல்லாம் 0. பெயின்ட் போய்த் தகரம் வெளியே தெரியும் இடம் மட்டும் 1. பெயின்ட்டுக்கு 1 கொடுத்தால் நீலம் கிறிஸ்துமஸ் பந்து மாதிரிப் பளபளக்கும். துருவுக்கு 1 கொடுத்தால் செம்பாகத் தெரியும். வெளியே தெரியும் தகரத்தின் பேஸ் கலரை 180-க்குக் கீழே இறக்காதீர்கள். உலோகம் இருண்டு தெரிய வேண்டுமென்றால் ராஃப்னெஸ்ஸும் மேலே படிந்த அழுக்கும் அதைச் செய்யட்டும்.

கண்ணாடி தனி மெட்டீரியல் என்பதைக் குறிப்பில் சொல்ல வேண்டும். ஒளிபுகும் மெட்டீரியலை உலோகத்தோடு சேர்த்தால் முழு விளக்கும் ஒளிபுகும் வகையில் வரையப்பட்டு, பின்னால் உள்ள கம்பி முன்னால் வந்து நிற்கும். இரண்டு மெட்டீரியல் என்றால் இரண்டு டிரா கால், அது ஏற்கத்தக்க விலை. கண்ணாடியின் மேல்வாயில் கரிப்புகை மேலே அடர்ந்து கீழே கரைய வேண்டும், சுடர் உயரத்துக்குக் கீழே சுத்தமாக இருக்க வேண்டும். அதற்கு 512 மேப் ஒன்று போதும்.

ஆக்லூஷன், ராஃப்னெஸ், மெட்டாலிக் மூன்றையும் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களில் ஒரே படமாகக் கட்டி என்ஜினுக்கு அனுப்பியிருந்தால், அன்ரியலில் அந்த டெக்ஸ்சரின் `sRGB` டிக்கை எடுத்துவிட்டீர்களா என்று மறுபடி பாருங்கள். டிக் இருந்தால் 0.5 ராஃப்னெஸ்ஸை என்ஜின் 0.21 என்று படிக்கும். பெயின்டரில் சரியாக இருந்த விளக்கு அன்ரியலில் மழையில் நனைந்தாற்போல் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இரண்டு மென்பொருளிலும் ஒரே வெளிச்சப் படத்தைச் சூழலாக வைத்து எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், இந்தச் சோதனையைச் செய்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

படங்களை மொத்தம் ஏழோ எட்டோ என்று நிறுத்துங்கள்: என்ஜினில் எடுத்த முழு விளக்கு முதலில், பிறகு மனித உருவத்துடன் பிளாக்-அவுட், ஹை-பாலி, முக்கோண எண்ணிக்கையோடு வயர்ஃப்ரேம், யூவியும் மூன்று மேப்பும் ஒரே பலகையில், மூடியின் நெருக்கப் படம், எல்.ஓ.டி. வரிசை. முதல் படத்தில் விளக்கு எரிய வேண்டியதில்லை. சுடரின் வெளிச்சம் நீங்கள் உழைத்த ராஃப்னெஸ்ஸை எல்லாம் மூழ்கடித்துவிடும். அணைந்த விளக்கைப் பகல் வெளிச்சத்தில், பக்கவாட்டு ஜன்னல் ஒளியில் காட்டிவிட்டு, எரிகிற படத்தைக் கடைசியில் போடுங்கள்.

நூலகத்திலிருந்து எடுத்தவற்றை ஒரு வரியில் பிரித்துச் சொல்லுங்கள். உதாரணமாக: "அடிப்படைத் தகரமும் பெயின்ட்டும் பெயின்டரோடு வந்த மெட்டீரியல்கள், ராஃப்னெஸ் அளவுகளை மாற்றினேன்; எண்ணெய்க் கறை, சூட்டுப் பொரிவு, துரு மூன்றுக்கும் மாஸ்க்குகளைக் கையால் வரைந்தேன்." நேர்முகத்தில் முதல் கேள்வி பெரும்பாலும் அந்த மாஸ்க்குகளைப் பற்றித்தான் வரும், அதனால் அந்தக் கோப்பை லேயர் பெயர்களோடு திறந்து காட்டும் நிலையில் வைத்திருங்கள்.